ஒல்லியா இருக்கறவங்களச் சொன்னா மட்டும் ஏன் யாருக்கும் தப்பாத் தெரியல?

கயல்விழி (இழையைத் தொடங்கியவர்)

பெண்கள் விடுதி ஒன்றின் பொறுப்பில் இருக்கேன். அங்க நடக்கறத வச்சுத்தான் இதக் கேக்கறேன்.

குண்டா இருக்கற பொண்ண மெஸ்ல யாராவது கேலி பண்ணா, இப்பல்லாம் பக்கத்துல உக்காந்திருக்கறவங்களே "அப்படிப் பேசாதடி"ன்னு தடுக்கறாங்க. முன்ன இது கிடையாது, நல்ல மாற்றம். ஆனா அதே மேசையில ஒல்லியா ஒருத்தி உக்காந்தா "ஒட்டடக்குச்சி", "ஓமக்குச்சி", "ஃபேன நிறுத்துங்கடி, இவ பறந்துருவா", "வீட்ல சோறு போடறதில்லையா"ன்னு வரிசையா வருது. யாரும் தடுக்கறதில்ல. சமையல்கார அம்மா, பாக்க வர்ற பெத்தவங்க, சில ஆசிரியர்கள் எல்லாரும் அதுல சேந்துக்கறாங்க. மணிக்கட்ட ரெண்டு விரலால வளைச்சுப் பிடிச்சு "பாரு, இவ்வளவுதான்"னு மத்தவங்களுக்குக் காட்டறதும் உண்டு. குண்டா இருக்கற பொண்ணோட கையத் தொட்டு யாரும் இப்படி அளக்க மாட்டாங்க.

அந்தப் பொண்ணு முகம் சுளிச்சா "இதுக்கெல்லாமா கோவம், உன்ன மாதிரி இருக்க நாங்க தவம் கெடக்கறோம்"னு பதில் வருது. புகார்னு எழுதினா எழுதறதுக்கே ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கு.

இது ஏன் காயமாவே கணக்குல வரல? என்ன பண்ணலாம்? எடை கூட்டறதுக்கு வழி கேக்கல, அத முதல்லயே சொல்லிடறேன்.

முத்துவேல், மதுரை

அம்மா, என் தலைமுறைக்காரன் சார்பா ஒரு வார்த்தை. "இளைச்சுட்டியே"ங்கிறது எங்க ஊர்ல வசவு இல்ல, விசாரிப்பு. அறுபதுகள்ல அரிசிப் பஞ்சம் பார்த்தவங்க நாங்க. ரேஷன் கடை வரிசையில நின்னு வளந்த பிள்ளைக்கு, உடம்பு கொஞ்சம் பூசினாப்ல இருந்தா வீட்டுல அடுப்பு எரியுதுன்னு அர்த்தம். ஒட்டிய கன்னம்னா பட்டினி, இல்லேன்னா காசநோய். அந்தப் பயத்துலதான் கேக்கறது. ஊர்லருந்து வர்ற பேரனைப் பார்த்து பாட்டி "துரும்பா இளைச்சுட்டான்"னு சொல்லாம இருந்தாத்தான் அதிசயம்.

ஓமக்குச்சினு கூப்பிடறது வேற. ஓமக்குச்சி நரசிம்மன்னு நடிகர் இருந்தார், அவர் பேரையே பள்ளிக்கூடத்துல ஒல்லிப் பசங்களுக்கு வச்சுட்டாங்க. அது கேலிதான், ஒத்துக்கறேன். ஆனா எல்லாத்தையும் ஒரே கூடையில போட்டு அக்கறையையும் குத்தம்னு ஆக்கிடாதீங்க.

நளினி (உணவியல் ஆலோசகர்)

முத்துவேல் ஐயா சொல்ற பயத்துக்கு நியாயமான வேர் இருக்கு. அந்தப் பயம் இன்னும் முழுசாப் பழசாகவும் இல்லை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியப் பெண்களில் 18.7 விழுக்காட்டினர் பி.எம்.ஐ. 18.5க்குக் கீழே, அதாவது உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் இருந்தார்கள். தமிழ்நாட்டில் அது 12.6. ஆனால் அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்கு எடை அதிகம். ஒல்லி என்றாலே சோறில்லாத வீடு என்று ஊகிக்கிற காலம் இங்கே கடந்துவிட்டது. பேச்சு மட்டும் அங்கேயே நிற்கிறது.

கயல்விழி கேட்டதற்கு வருகிறேன். இந்தப் பேச்சு காயமாகத் தெரியாமல் போவதற்கு மூன்று நம்பிக்கைகள் சேர்ந்து வேலை செய்கின்றன என்பது என் எண்ணம்.

ஒன்று, ஒல்லி என்பது அதிர்ஷ்டம் என்ற நினைப்பு. விளம்பரத்தில் வருகிற உடம்பு இவளுக்குச் சும்மாவே கிடைத்திருக்கிறது, அதனால் கிண்டல் பண்ணினால் இவளுக்கு நட்டமில்லை என்று தோன்றுகிறது. பெண் பார்க்க வருகிற இடத்தில் அதே உடம்பை "பிள்ளை பெத்துக்க தெம்பு இருக்குமா" என்று எடை போடுவார்கள். பையன் என்றால் "ஆம்பள மாதிரியே இல்லையே" என்பார்கள். விளம்பரம் பாராட்டுகிற உடம்பும் கல்யாணச் சந்தை கேட்கிற உடம்பும் ஒன்றல்ல.

இரண்டாவது, பேச்சின் வடிவம். "நல்லா சாப்பிடு" என்பது கட்டளை, ஆனால் பாசத்தின் உடுப்பில் வருகிறது. குண்டானவரிடம் "குறைச்சுச் சாப்பிடு" என்றால் பந்தியில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒல்லியானவர் இலையில் கேட்காமல் இன்னொரு கரண்டி சோறு விழுந்தால் அது உபசாரம். வேண்டாம் என்று கையை மறித்தால் மரியாதை தெரியாதவள்.

மூன்றாவதுதான் ரொம்ப ஆழமானது. சாப்பிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. எளிதில் மாற்றக்கூடியதைச் சொன்னால் அது குறை சொல்வதாகாது என்று பேசுகிறவர் நினைக்கிறார். சட்டையில் கறை இருப்பதைச் சொல்கிற மாதிரி. இது பலருக்குப் பொருந்தாது என்பதுதான் சிக்கல்.

பிரபு, கோவை

மூணாவது பாயிண்டுல எனக்கு உடன்பாடில்ல மேடம். ஜிம்ல ட்ரெய்னரா இருக்கேன். "எவ்வளவு சாப்பிட்டாலும் ஏற மாட்டேங்குது"ன்னு வர்ற பசங்கள ஒரு வாரம் சாப்பாட்ட எழுதச் சொன்னா, பாதிப் பேரு காலையில டீ, பிஸ்கட்டு, மதியம் ஒரு பிளேட்டு, ராத்திரி நாலு இட்லி. 1,500 கலோரி தாண்டாது. செலவ விட வரவு அதிகமா இருந்தா எடை ஏறும், அது இயற்பியல். பேசறது தப்புதான், ஆனா மாத்த முடியாதுன்னு சொல்லிக் கைவிட வைக்காதீங்க.

நளினி

எழுதிப் பார்க்கச் சொல்வது நல்ல பழக்கம், அந்தப் பாதிப் பேர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மீதிப் பாதியைத்தான் சொல்ல வருகிறேன்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நடந்த ஒரு சோதனை 1999இல் வெளியானது. பருமன் இல்லாத 16 பேருக்கு, அவரவர் எடையை நிலையாக வைத்திருக்கத் தேவையான உணவுக்கு மேல் தினமும் 1,000 கலோரி கூடுதலாக எட்டு வாரம் கொடுத்தார்கள். சாப்பாட்டை அளந்து கொடுத்ததே அவர்கள்தான், ஏமாற்ற வழியில்லை. கூடுதல் கலோரி எல்லாருக்கும் ஒன்றே. ஆனால் உடம்பில் சேர்ந்த கொழுப்பு ஒருவருக்கு அரைக் கிலோகூட இல்லை, 0.36. இன்னொருவருக்கு 4.23 கிலோ. குறைவாகச் சேர்ந்தவர்கள் ஓடவோ உடற்பயிற்சி செய்யவோ இல்லை. தங்களுக்கே தெரியாமல் அதிகம் அசைந்தார்கள். எழுந்து நடப்பது, நிமிர்ந்து உட்காருவது, கை காலை ஆட்டிக்கொண்டே இருப்பது. வரவு ஏறினதும் உடம்பு செலவைத் தானாக ஏற்றிக்கொண்டது. உங்கள் இயற்பியல் உடையவில்லை பிரபு. செலவு என்பது நிலையான எண் இல்லை, அவ்வளவுதான்.

மரபணுப் பக்கமும் ஆதாரம் இருக்கிறது. 2019இல் வெளியான ஆய்வில் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று, ஆரோக்கியமாக, காலமெல்லாம் ஒல்லியாகவே இருக்கிற 1,600க்கு மேற்பட்டவர்களின் மரபணுக்களைப் பார்த்தது. பருமனைப் போலவே ஒல்லியும் பரம்பரையாக வருகிறது என்று கண்டார்கள். அப்பா ஒல்லி, அத்தை ஒல்லி, இவளும் ஒல்லி, மாதவிடாய் ஒழுங்காக வருகிறது, பசிக்கிறது, வேலை செய்யத் தெம்பு இருக்கிறது, எடை வருடக்கணக்காக அசையவில்லை. இப்படிப்பட்டவளிடம் "சாப்பிடு" என்பது, குட்டையானவரிடம் "வளரு" என்பதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

செல்வம், திருச்சி

நல்ல இழை. எனக்கும் இதே பிரச்சனைதான், தங்கச்சிக்காகக் கேக்கறேன். வயசு 25, உயரம் 158, எடை 42 இருந்துச்சு. மூணு மாசத்துல கல்யாணம். மாப்பிள்ளை வீட்ல "பொண்ணு ரொம்ப மெலிசு, கொஞ்சம் தேத்துங்க"ன்னு சொல்லிட்டாங்க, தப்பா சொல்லல, சிரிச்சுட்டேதான் சொன்னாங்க. மெடிக்கல்ல கேட்டு உடம்பு போடற மாத்திரை வாங்கிக் குடுத்தோம். அஞ்சு வாரத்துல 45 ஆயிடுச்சு, முகம் நல்லா புஷ்டியா வந்துருக்கு, பாக்கறவங்க எல்லாம் "இப்பத்தான் கல்யாணக் களை வந்திருக்கு"ன்னு சொல்றாங்க. கூட எந்தப் பவுடர் குடுத்தா இன்னும் சீக்கிரம் ஏறும்?

ரஃபீக் (மருந்தாளுநர்)

செல்வம் தம்பி, பவுடர் பேச்ச ஓரமா வைங்க. அந்த மாத்திரை எப்படி வந்துச்சு? அட்டையோடவா, இல்ல வெட்டி கவர்ல போட்டுக் குடுத்தாங்களா? ஒரு வகையா, ரெண்டு வகையா? அட்டையோட முதுகுப்பக்கம் வெளிச்சத்துல பிடிச்சு, சின்ன எழுத்துல இருக்கறத அப்படியே இங்க எழுதுங்க. கடை பேரு வேண்டாம், மருந்து பேரும் மில்லிகிராமும் மட்டும்.

முக்கியமா, நான் கேட்டேன்னு பயந்து இன்னைக்கு ராத்திரியே நிறுத்திடாதீங்க. ஏன்னு பதில் வந்ததும் சொல்றேன்.

தமிழ்ச்செல்வி

இதுக்கு நடுவுல ஒண்ணு சொல்லணும். ஒல்லியானவங்களும் கேலிக்கு ஆளாகறாங்கன்னு சொல்றது சரி. ஆனா "ரெண்டும் ஒண்ணுதான்"னு எங்கயும் போய் முடிஞ்சுடக் கூடாது. குண்டா இருக்கறவங்க மூட்டு வலின்னு போனா டாக்டரே பரிசோதிக்காம "எடையக் குறைங்க"ன்னு அனுப்பறாரு. பஸ் சீட்டு, ரெடிமேட் துணி, வேலைக்கான நேர்காணல்னு எல்லாமே அவங்களுக்கு எதிரா இருக்கு. ஒல்லியானவங்களுக்கு அந்தச் சுவர் இல்ல. வார்த்தை மட்டும்தான்.

கயல்விழி

ஒண்ணுன்னு நான் சொல்லல, சொல்லவும் மாட்டேன். ஆனா "வார்த்தை மட்டும்தான்"ங்கிற இடத்துலதான் நிக்கறேன். சுவர் கொஞ்சம் இருக்கு. தமிழ்நாடு காவல் துறைத் தேர்வுல ஆண்களுக்கு மார்பளவு 81 செ.மீ., மூச்சு இழுத்தா 5 செ.மீ. விரியணும். எழுத்துத் தேர்வு முடிச்சும் அளவு நாடாவுல வெளிய வர்ற பசங்க உண்டு. அதுக்கு வேலை சார்ந்த காரணம் சொல்லலாம். நான் கேக்கறது, சுவர் இல்லாத இடத்துல விழற வார்த்தை ஏன் எடையே இல்லாததா ஆகணும்?

தமிழ்ச்செல்வி

வார்த்தைக்கு எடை இருக்கு. எனக்குப் பயம் வேற. குண்டா இருக்கறவங்க பேச ஆரம்பிச்சாலே "நாங்களும்தான் கேலிக்கு ஆளானோம்"னு நடுவுல வந்து பேச்சத் திருப்பறவங்க நிறைய. இந்த இழை அப்படி இல்ல, சரி. ஆனா அந்தப் பழக்கம் இருக்கு.

செல்வம், திருச்சி

ரஃபீக் அண்ணே, ரெண்டு வகை. கவர்ல போட்டுத்தான் குடுத்தாங்க. ஒரு துண்டுல சைப்ரோஹெப்டடின் 4 மி.கி.ன்னு இருக்கு. இன்னொண்ணு சின்ன மாத்திரை, வெட்டினதுல பாதிதான் தெரியுது, டெக்சாமெத்தசோன் 0.5 மி.கி. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ரெண்டுமே. என்ன பிரச்சனை?

ரஃபீக் (மருந்தாளுநர்)

நினைச்சதுதான். நிதானமா படிங்க தம்பி.

முதல் மாத்திரை அலர்ஜிக்குக் குடுக்கறது. தூக்கமும் பசியும் அதோட பக்கவிளைவு. அந்தப் பசிக்காகத்தான் உங்களுக்குக் குடுத்திருக்காங்க. நிறுத்தினா பசி பழையபடி ஆகும், ஏறினதும் பெரும்பாலும் இறங்கிடும். வண்டி ஓட்டற பொண்ணுன்னா தூக்கக் கலக்கம் ஆபத்து. அதோட விட்டிருந்தா நான் இவ்வளவு எழுத மாட்டேன்.

ரெண்டாவதுதான் ஸ்டீராய்டு. அளவப் பாருங்க. ஒரு நாளைக்கு ரெண்டு அரை மில்லிகிராம், ஆக 1 மி.கி. பாக்க நூலளவு. ஆனா இது வீரியம் கூடினது. ப்ரெட்னிசலோன்னு டாக்டர்கள் எழுதறாங்களே, அந்தக் கணக்குல 6, 7 மி.கி.க்குச் சமம். நம்ம சிறுநீரகத்து மேல உக்காந்திருக்கற அட்ரீனல் சுரப்பி ஒரு நாளைக்குச் சுரக்கற கார்ட்டிசால்ங்கிற இயற்கை ஸ்டீராய்டே அந்தக் கணக்குல 5 மி.கி. ஒட்டித்தான் வரும். அதாவது உடம்பு தானாச் செய்யறத விட அதிகமா வெளியிலருந்து போகுது. வெளியிலருந்து வருதுன்னு தெரிஞ்சதும் சுரப்பி வேலைய நிறுத்திடும். மூணு நாலு வாரம் தாண்டினா அது தூங்கிப் போயிருக்கலாம்னு வச்சுக்கிட்டுத்தான் நடக்கணும். உங்க தங்கச்சிக்கு அஞ்சு வாரம் ஆச்சு.

அதனாலதான் சட்டுனு நிறுத்த வேணாம்னேன். நிறுத்தினா உடம்புல கார்ட்டிசால் இல்லாமப் போகும். வாந்தி, எழுந்தா தலைசுத்தல், நிக்க முடியாத அசதி, ரத்த அழுத்தம் இறங்கறது. அந்த நேரத்துல காய்ச்சலோ பேதியோ சேந்தா உயிருக்கே ஆபத்து. இத டாக்டர்தான் படிப்படியா இறக்கணும்.

இன்னொண்ணு, அந்த 3 கிலோ என்னன்னு பாருங்க. முகம் உருண்டை ஆயிருக்கும், கன்னத்துல மினுமினுப்பு, பரு, கழுத்துக்குப் பின்னாடி லேசா மேடு, வயிறு முன்ன வந்திருக்கும். கையும் தொடையும் எப்படி இருக்கு? அப்படியேதான் இருக்கும், இல்லேன்னா இன்னும் மெலிஞ்சிருக்கும். ஸ்டீராய்டு உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்கும், கொழுப்ப முகத்துக்கும் வயித்துக்கும் தள்ளும், கை கால் தசையக் கரைக்கும். தசை கரைஞ்சு முகம் வீங்கறதைத்தான் ஊர் கல்யாணக் களைன்னு சொல்லுது. மாடிப்படி ஏற, தரையில உக்காந்து எழுந்திருக்க அவங்களுக்குச் சிரமமா இருக்கான்னு கேளுங்க.

செல்வம், திருச்சி

எழுந்திருக்கறப்போ கைய ஊணித்தான் எழுந்திருக்கா. கல்யாண அலைச்சல்னு நினைச்சோம்.

மரு. அருள்மொழி

செல்வம், நாளைக் காலையிலேயே பொது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனையின் மருத்துவப் பிரிவு போதும். மாத்திரைத் துண்டுகள் இரண்டையும் கையில் கொண்டுபோங்கள், பெயரைச் சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். எத்தனை வாரம், ஒரு நாளைக்கு எத்தனை, நடுவில் விட்டுப்போன நாள் உண்டா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் காலை 8 மணி வாக்கில் ரத்தம் எடுத்து கார்ட்டிசால் பார்ப்பார்கள். எப்போது எடுக்க வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். இன்றிரவு வாந்தியோ மயக்கமோ வந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்குப் போய் "ஐந்து வாரமாக ஸ்டீராய்டு எடுக்கிறாள்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

எடை விஷயமும் இருக்கிறது. 158 செ.மீ. உயரத்துக்கு 42 கிலோ என்றால் பி.எம்.ஐ. 16.8. 18.5க்குக் கொஞ்சம் கீழே இருப்பதைப் போல இதை விட்டுவிட முடியாது. அவள் எப்போதும் அப்படித்தானா, அல்லது முன்பு 47, 48 இருந்து இறங்கினாளா? இது முக்கியமான கேள்வி, ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

செல்வம், திருச்சி

காலேஜ் முடிக்கறப்போ 46 இருந்தா. அதுக்கப்புறம் வேலைக்குப் போய் இறங்கிடுச்சு. சாப்பிடறதில்லன்னு திட்டிட்டே இருப்போம்.

மரு. அருள்மொழி

அப்படியானால் தைராய்டு, ரத்த அணுக்கள், சர்க்கரை, மார்பு எக்ஸ்ரே பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள். சளி, இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை இருந்தால் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். ஸ்டீராய்டு காசநோயைக் கிளப்பிவிடும், அதன் அறிகுறியை மறைக்கவும் செய்யும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, சாப்பாட்டைப் பற்றிப் பயமோ ஒளிவோ இருக்கிறதா என்பதை அம்மாவோ நீங்களோ கேட்க வேண்டாம். மருத்துவர் தனியாகக் கேட்கட்டும்.

கயல்விழியின் கேள்விக்கு இதில் ஒரு பதில் இருப்பதாகப் படுகிறது. இந்தப் பேச்சின் சேதம் பேசின இடத்தில் தெரிவதில்லை. "கொஞ்சம் தேத்துங்க" என்றவர் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். விளைவு மருந்துக் கடையில், மூன்று மாதம் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனையில், அல்லது தள்ளிப்போன ஒரு நோயறிதலில் தெரிகிறது. அதற்கும் தன் ஒரு வாக்கியத்துக்கும் தொடர்பு உண்டு என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. இத்தனை நாளாக "சாப்பிடமாட்டாள், அதனால் ஒல்லி" என்று சொல்லிச் சொல்லி, 4 கிலோ இறங்கினது அந்தப் பேச்சுக்குள் மறைந்துபோயிருக்கிறது. எப்போதும் சொல்லப்படுகிற ஒன்று எச்சரிக்கையாக வேலை செய்யாது.

முத்துவேல், மதுரை

டாக்டர் சொன்னத ரெண்டு தடவ படிச்சேன். அப்போ நாங்க கேக்கவே கூடாதா? நீங்களே சொல்றீங்க, 46லருந்து 42க்கு இறங்கினத யாராவது கவனிச்சிருக்கணும்னு. கவனிச்சவன் வாயத் திறந்தா குத்தமாகுது.

மரு. அருள்மொழி

கேளுங்கள் ஐயா. உடம்பு எப்படி இருக்கிறது என்று பேசுவதும், உடம்பு மாறியிருக்கிறதா என்று கேட்பதும் வேறு வேறு. எங்களுக்கு உதவுவது இரண்டாவது. முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் எடையில் 5 விழுக்காடு இறங்கினால் நாங்கள் காரணம் தேடுவோம். 46 கிலோ ஆளுக்கு அது 2.3 கிலோ. சட்டை தொளதொளக்கிறது, இடுப்புக் கயிறு இன்னொரு முடிச்சு போகிறது என்பதெல்லாம் வீட்டார் கண்ணில்தான் முதலில் படும். தனியாக இருக்கும்போது, ஒரு தடவை, "முன்னைவிட இளைச்ச மாதிரி இருக்கு, பசி எப்படி இருக்கு, காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா" என்று கேளுங்கள். "எப்பவும் இதே எடைதான் தாத்தா" என்று பதில் வந்தால் அங்கே நிறுத்திவிடலாம். கல்யாண மண்டபத்தில் பத்துப் பேர் நடுவே கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

பிரபு, கோவை

ஒல்லியா இருந்தா நோய் கிட்ட வராதுன்னு நினைக்கறவங்க நிறைய. எங்க ஜிம்ல சர்க்கரை டெஸ்ட் எடுக்கச் சொன்னா ஒல்லிப் பசங்க "எனக்கெதுக்கு"ன்னு சிரிப்பாங்க. அதுவும் இதுல சேருமா?

மரு. அருள்மொழி

சேரும். "குடுத்து வச்சவ, எது வேணா திங்கலாம்" என்பதும் உடம்பைப் பற்றிய தீர்ப்புதான், கேட்க இனிப்பாக இருக்கிறது. சிறு வயதில் ஊட்டச்சத்து இல்லாமல் வளர்ந்த ஒல்லியானவர்களுக்கு வருகிற ஒரு வகைச் சர்க்கரை நோய் உண்டு. 1955இலேயே ஜமைக்காவில் பதிவானது. வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் அதில் நெடுங்காலம் உழைத்து, இது முதல் வகையும் இல்லை இரண்டாம் வகையும் இல்லை என்று காட்டினார்கள். 2025இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதை ஐந்தாம் வகை என்று ஏற்றது. அந்தப் பெயர் பிரிப்பில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒல்லி உடம்பு சர்க்கரைக்கு விதிவிலக்கு இல்லை என்பதில் வேறுபாடு இல்லை.

கயல்விழி

கல்லூரிக்குள்ள நடக்கறதுக்கு ஒரு பிடி கிடைச்சிருக்கு. யு.ஜி.சி.யோட ராகிங் தடுப்பு விதிகள்ல 2016ல சேத்த திருத்தம், சாதி, நிறம், பாலினத்தோட சேத்து "தோற்றம்"ங்கிற காரணத்துக்காக ஒரு மாணவரை மனரீதியா துன்புறுத்தறதையும் ராகிங்ல வைக்குது. குண்டு, ஒல்லின்னு பிரிக்கல. அதனால "எழுத ஒண்ணும் இல்ல"ங்கிறது தப்பு, எழுதலாம். ஆனா ஒரு வார்த்தைய எழுதினா யாரும் மதிக்க மாட்டாங்க. தேதி, இடம், சொன்னவங்க, அப்படியே சொன்ன சொல், கூட இருந்தவங்கன்னு ரெண்டு வாரம் குறிச்சு வச்சா, ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்னு நினைக்கற விஷயம் அந்தப் பொண்ணு காதுல எத்தனை தடவ விழுதுன்னு தெரியும். சொன்னவங்ககிட்டயே அந்தத் தாள் போய்ச் சேரணும்னு நினைக்கறேன்.

சமையல்கார அம்மாவையும் சொந்தக்காரங்களையும் விதி தொடாது. அதுக்கு யாராவது வழி சொல்லுங்க.

நளினி

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காரணம் சொல்லாதீர்கள். "எனக்குப் பரம்பரை", "வேலை அதிகம்", "அப்பவும் நல்லாத்தான் சாப்பிடறேன்" என்று ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு அறிவுரை தயாராக இருக்கும். பேச்சு வளரும். தன்னைத் தானே கிண்டல் பண்ணித் தப்பிப்பதும் உதவாது, அனுமதி கொடுத்ததாக ஆகிவிடும். ஒரே பதிலை வைத்துக்கொண்டு, அதே தொனியில், ஒவ்வொரு தடவையும் அதையே சொல்லுங்கள்: "எடை எப்பவும் போலத்தான் இருக்கு சித்தி, நல்லா இருக்கேன். உங்க முட்டி வலி எப்படி இருக்கு?" மூன்றாவது தடவை அதே பதில் வந்தால் கேட்டவருக்கே சலிப்பாகிவிடும்.

இலையில் சோறு விழுவதற்கு, பரிமாறும் முன்னே "வேணும்னா நானே கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, இலையின் மேல் கை வையுங்கள். கட்டாயப்படுத்திப் போட்டதை மீதி வைத்தால் பரவாயில்லை. எல்லாவற்றையும் விட, பெற்றவர் ஒருவர் பக்கத்தில் இருந்து "அவ அப்படித்தான் அண்ணி, டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு" என்று முந்திக்கொண்டால் அந்தப் பேச்சு அங்கேயே முடியும். பிரச்சினை, பல வீடுகளில் பெற்றவரே "நீங்களாவது சொல்லுங்க" என்று ஆரம்பித்து வைக்கிறார்.

தமிழ்ச்செல்வி

அந்த "டாக்டர்கிட்ட காட்டியாச்சு"வுல எனக்கு உறுத்தல் இருக்கு நளினி. மருத்துவச் சான்று இருந்தாத்தான் ஒருத்தி தன் உடம்போட நிம்மதியா பந்தியில உக்காரலாமா?

நளினி

உறுத்தல் நியாயம்தான். அந்த நிமிடத்துக்கு வேலை செய்கிறது, அதற்குமேல் அதை நியாயப்படுத்த என்னால் முடியவில்லை.

செல்வம், திருச்சி

போயிட்டு வந்தாச்சு. ரத்த அழுத்தம் கூட இருக்கு, சர்க்கரையும் லேசா மேல. டெக்சாமெத்தசோனுக்குப் பதிலா வேற ஸ்டீராய்டு எழுதி, வாரா வாரம் குறைக்கச் சொல்லி அட்டவணை குடுத்திருக்காங்க. எக்ஸ்ரே எடுத்தாச்சு, முடிவு வரணும். குறைக்கக் குறைக்க முகம் வத்தும்னு சொன்னாங்க. அது கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்ன நடக்கும். அம்மாவுக்கு அதுதான் கவலை, மாப்பிள்ளை வீட்ல என்ன சொல்லுவாங்கன்னு.

ரஃபீக் (மருந்தாளுநர்)

அம்மாகிட்ட அந்த அட்டவணையக் காட்டி, "முகம் வத்துது, பழைய மாத்திரைய ரெண்டு நாள் சேத்துக் குடுப்போம்"னு யாரும் நடுவுல ஆரம்பிக்காம பாத்துக்குங்க தம்பி. இதுல பெரும்பாலும் தப்பறது அங்கதான். மீதி இருக்கற பழைய மாத்திரைய டாக்டர்கிட்டயே குடுத்துடுங்க. அட்டவணையில ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா மறுநாள் ரெண்டாப் போட வேணாம், அவங்களுக்கு போன் பண்ணிக் கேளுங்க. நடுவுல காய்ச்சலோ வாந்தியோ வந்தா குறைக்கறத நிறுத்திட்டு அன்னைக்கே போகணும். ஸ்டீராய்டு எடுக்கறான்னு ஒரு சீட்டு எழுதி அவ பர்ஸ்லயும் போன் கவர்லயும் வைங்க, குறைச்சு முடிச்ச பிறகும் டாக்டர் எடுக்கலாம்னு சொல்ற வரைக்கும் அது அங்கயே இருக்கட்டும்.

மாப்பிள்ளை வீட்டுக்கு எக்ஸ்ரே முடிவு வந்ததும் நீங்களே நேர்ல போய்ச் சொல்லுங்க. அவங்க சொன்ன ஒரு வார்த்தைக்காக என்ன மாத்திரை உள்ள போச்சுன்னு அவங்களுக்கும் தெரியட்டும்.